நான்கு மணிக் கூட்டம் இரண்டு மணிக்கே நடக்கும்போது

கூட்டம் தள்ளிப்போன செய்தியைப் பார்க்காதவர் காலியான அறையில் கொஞ்சம் காத்திருப்பார், அவ்வளவுதான். நேரத்துக்கு முன்பே நடக்கும் செய்தியைப் பார்க்காதவரோ எல்லாம் முடிந்த பிறகு வந்து நிற்பார். இரண்டாவது வகைச் செய்தியை அதிகக் கவனத்தோடு எழுத வேண்டியிருப்பது அதனால்தான்.

ஓர் அலுவலகத்தில் மாலை 4 மணிக்கு விற்பனை ஆய்வுக் கூட்டம் இருக்கிறது. மேலாளர் அவசரமாக வெளியூர் கிளம்புவதால் அதை 2 மணிக்கே நடத்தியாக வேண்டும். காலை பத்தரை மணிக்கு அனுப்பும் செய்தி இப்படி இருக்கலாம்:

“இன்று (புதன்) மாலை 4 மணிக்கு இருந்த விற்பனை ஆய்வுக் கூட்டம் பிற்பகல் 2 மணிக்கே தொடங்கும். இடம் அதே இரண்டாம் மாடி அறைதான். மேலாளர் மாலை விமானத்தில் கிளம்புவதால் இந்த மாற்றம். சாப்பாட்டு வேளையை ஒட்டி வருகிறது, கணக்கை முடிக்கவும் இரண்டு மணி நேரம் குறைகிறது, மன்னிக்கவும். முடிந்தவரை கணக்கோடு வாருங்கள், மீதியை நாளை காலை தரலாம். வர இயலாதவர்கள் 12 மணிக்குள் சொல்லுங்கள்.”

முதல் வரியிலேயே பழைய நேரமும் புதிய நேரமும் சேர்ந்து வருகின்றன. ‘இரண்டு மணி நேரம் முன்னதாக’ என்று மட்டும் எழுதினால் படிப்பவர் கணக்குப் போட வேண்டியிருக்கும். பழைய நேரத்தையே தவறாக நினைவில் வைத்திருப்பவர் புதியதையும் தவறாகவே கணிப்பார். மன்னிப்பை முதலில் வைத்தாலும் இடையூறுதான். கைப்பேசித் திரையில் முதல் சில சொற்களே தெரியும். அந்த இடம் நேரத்துக்கு உரியது.

‘சிரமத்திற்கு வருந்துகிறோம்’ என்ற வாசகம் தோண்டிய சாலையின் பலகையிலும் இருக்கிறது. அதைப் படிப்பவர் தம் சிரமத்தை யாரும் எண்ணிப் பார்த்ததாக உணர்வதில்லை. மேலே உள்ள செய்தி சாப்பாட்டு வேளை, குறையும் நேரம் என இரண்டு சிரமங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பாதிக் கணக்கோடு வரலாம் என்று ஒன்றைக் குறைத்தும் தருகிறது. வருத்தம் உண்மையானது என்பதற்கு இந்தச் சலுகையே சான்று. காரணத்துக்கு ஒரு வரி போதும். நீண்டால் சாக்குபோலத் தொனிக்கும்.

முடிவாகிவிட்ட மாற்றத்தை ‘2 மணிக்கு வைத்துக்கொள்ளலாமா?’ என்று கேள்வியாக எழுதக் கூடாது. சிலர் முடியாது என்பார்கள், பழைய நேரமே நிற்கிறது என்று சிலர் எண்ணுவார்கள். வாடிக்கையாளர், மூத்தவர் போன்றோரின் சம்மதம் தேவையென்றால் முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டு, அதன் பிறகே எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து இணைபவர் இருந்தால் அவருக்கு அது மாலை நாலரை மணி என்பதையும் எழுதிவிடுவது நல்லது.

12 மணிவரை பதில் தராதவரைச் சம்மதித்தவராகக் கொள்ள முடியாது. வாட்ஸ்அப்பில் செய்தி போய்ச் சேர்ந்ததற்கான குறி, அவர் படித்ததற்கான சான்று அல்ல. அவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். நாட்காட்டி அழைப்பிலும் நேரத்தை மாற்ற வேண்டும். இல்லையேல் அது பழைய 4 மணிக்குத்தான் நினைவூட்டும்.