ராணுவக் கிடங்கிலிருந்து கம்பெனிக் கிடங்குக்கு

ராணுவத்துக்கு உணவும் எரிபொருளும் வழங்கும் ஆர்மி சர்வீஸ் கோரில் 24 ஆண்டுகள் பணியாற்றிய ஹவில்தார் ஒருவர், தனியார் நிறுவனத்துக்கு ஆள் எடுப்பவருக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். “நாட்டுக்காக உழைத்தவன், எந்த வேலையும் செய்வேன்” என்பதுதான் பலருக்கும் முதலில் வரும் வரி. உண்மையான வரிதான். ஆனால், அவரை எந்தக் காலியிடத்துக்குப் பரிந்துரைப்பது என்று படிப்பவருக்குப் பிடிபடாது.

அதே மனிதர் இப்படி எழுதலாம்: “ரேஷன் கிடங்கில் இருப்புக் கணக்கு, காலாவதித் தேதி, லாரி அனுப்புவது மூன்றையும் கவனித்தேன். 12 பேர் என் பொறுப்பில் இருந்தார்கள். உங்கள் கிடங்கு மேற்பார்வையாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். ஜூலை 1 முதல் சேரலாம்.” பதவிப் பெயர் சொல்லாததை இந்த நான்கு வரிகள் சொல்லிவிடுகின்றன.

யூனிட் எந்த எல்லையில் இருந்தது, எவ்வளவு சரக்கு வைத்திருந்தது என்பதெல்லாம் இதில் வரவே கூடாது. அவை பாதுகாப்பு ரகசியங்கள்.

கம்பெனிகளின் இருப்பு மென்பொருள் பழக்கமில்லை என்றால் அதையும் மறைக்க வேண்டாம். நேர்காணலில் எப்படியும் கேட்பார்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்குநரகம் ஓய்வுக்கு முன்பே பயிற்சிகள் நடத்துகிறது. அதில் சேர்ந்திருந்தால், பயிற்சியின் பெயரையும் முடித்த மாதத்தையும் கடிதத்தில் குறிப்பிடலாம்.