ஐம்பது பேர் அணிந்த ஒரே கவுன்

2015 மார்ச் மாதக் கடைசியில் ஒரு வாரயிறுதி. அமெரிக்காவில் இன்ஸ்டாகிராமைத் திறந்த பெண்கள் பலருக்கு ஒரே கவுன் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. நம் ஊர்ப் பட்டுப்புடவைகளில் வரும் மாங்காய் வடிவம் அச்சிட்ட கவுன் அது. ஒருத்தி அதைத் தொப்பியோடு அணிந்திருந்தாள், இன்னொருத்தி பூட்ஸ் போட்டிருந்தாள். ஃபேஷன் உலகில் பெயர் பெற்ற ஐம்பது பேர், அந்த இரண்டு நாட்களில் அதே கவுனில் படம் போட்டிருந்தார்கள். பார்த்தவர்கள், இதுதான் இப்போதைய மோஸ்தர் போலிருக்கிறது என்று நினைத்தார்கள். கவுன் சீக்கிரமே விற்றுத் தீர்ந்தது.

அந்த ஐம்பது பேருக்கும் கவுனை இலவசமாக அனுப்பியிருந்தது லார்ட் அண்ட் டெய்லர் என்ற பழைய துணிக்கடை நிறுவனம். அதோடு ஆளுக்கு 1,000 முதல் 4,000 டாலர் வரை பணமும் கொடுத்திருந்தது. எந்த நாளில் படம் போட வேண்டும், கடையின் கணக்கை எப்படிக் குறிப்பிட வேண்டும், #DesignLab என்ற ஹேஷ்டேகைச் சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருந்தன. படங்களையும் வாசகங்களையும் நிறுவனம் முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் தந்தது, சிலவற்றைத் திருத்தவும் செய்தது. பணம் வாங்கியதைச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் அதில் இல்லை. ஐம்பது பேரில் ஒருவர்கூட அதைச் சொல்லவும் இல்லை.

அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் விசாரித்தது. அந்தப் பதிவுகள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட இன்ஸ்டாகிராம் பயனாளர்களைச் சென்றடைந்திருந்தன. 2016இல் நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. இனிமேல் பணம் கொடுத்துப் போடச் சொல்லும் பதிவை யாரோ தாமாகப் போட்டதுபோல் காட்டக் கூடாது என்று ஆணை வந்தது.

அந்தப் பெண்கள் பொய் எதுவும் சொல்லவில்லை. கவுன் நன்றாகத்தான் இருந்தது, அவர்களில் பலருக்கு அது உண்மையிலேயே பிடித்தும் இருக்கலாம். தவறு கவுனைப் பற்றிச் சொன்னதில் இல்லை, சொல்லாமல் விட்டதில் இருக்கிறது. தோழி ஒருத்தி ஒரு பொருளை நல்லது என்றால் நாம் நம்புகிறோம். கடைக்காரர் சொன்னால் கொஞ்சம் யோசிக்கிறோம். யார் சொல்கிறார், எதற்காகச் சொல்கிறார் என்பதை வைத்துத்தான் ஒரு சொல்லுக்கு எவ்வளவு மதிப்புத் தருவது என்று முடிவு செய்கிறோம். அந்தத் தகவலை மறைத்தால், கடைக்காரரின் சொல்லுக்குத் தோழியின் சொல்லுக்குரிய மதிப்புக் கிடைத்துவிடுகிறது.

இந்தியாவில் இதற்கான விதிகள் இப்போது தெளிவாக இருக்கின்றன. விளம்பரத் துறையே தனக்காக அமைத்துக்கொண்ட இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில், சமூக ஊடகப் பிரபலங்களுக்கான நெறிமுறைகளை 2021 ஜூன் 14 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2023 ஜனவரியில் ஒரு கையேடு வெளியிட்டது. பணம் வாங்கினால் மட்டும்தான் சொல்ல வேண்டும் என்பது பலருடைய எண்ணம். விதி அப்படிச் சொல்லவில்லை. இலவசப் பொருள், தள்ளுபடி, ஓட்டலில் தங்கல், சுற்றுலாச் செலவு, பரிசு, அந்த நிறுவனத்தில் வேலை, உரிமையாளரோடு குடும்ப உறவு ஆகிய எல்லாமே தெரிவிக்க வேண்டிய தொடர்புகள்தான். “காசு வாங்கினாலும் என் கருத்தை நேர்மையாகத்தான் சொன்னேன்” என்பதும் விலக்கு ஆகாது. சொந்தக் காசில் வாங்கிய பொருள் பிடித்துப்போய், எந்தத் தொடர்பும் இல்லாமல் அதைப் பற்றிப் பேசினால் எந்த அடையாளமும் தேவையில்லை.

உதாரணமாக, கொடைக்கானலில் ஒரு ரிசார்ட், பயண வீடியோ போடும் ஒருவரை அழைத்து இரண்டு இரவு இலவசமாகத் தங்க வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரொக்கமாக எதுவும் கைமாறவில்லை. அவர் தமிழில் பேசி ஒரு நிமிட ரீல் போடுகிறார். இலவசத் தங்கலும் ஒரு தொடர்புதான் என்பதால் அவர் அதைச் சொல்லியாக வேண்டும். கவுன்சிலின் கணக்குப்படி, 15 விநாடி முதல் 2 நிமிடம் வரையுள்ள வீடியோவில் மூன்றில் ஒரு பங்கு நேரம் அடையாளம் திரையில் இருக்க வேண்டும். இந்த ரீலுக்கு அது 20 விநாடி. 15 விநாடிக்குள் முடியும் வீடியோவில் 3 விநாடியாவது வர வேண்டும். 2 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ என்றால், அந்த ரிசார்ட்டைப் பற்றிப் பேசும் பகுதி முழுவதும் அடையாளம் இருக்க வேண்டும்.

எழுத்து மட்டும் போதாது, வாயாலும் சொல்ல வேண்டும் என்கிறது மத்திய அரசின் கையேடு. பதிவு எந்த மொழியிலோ அறிவிப்பும் அதே மொழியில் இருக்க வேண்டும். ஆகவே தமிழ் ரீலின் ஓரத்தில் ஆங்கிலத்தில் ஒரு சொல்லைப் பொடி எழுத்தில் ஒட்டிவிட்டு ஒதுங்க முடியாது. “இந்த ரிசார்ட் எங்களை இலவசமாகத் தங்க வைத்தது, இது விளம்பரம்” என்று தொடக்கத்திலேயே சொல்லி, ‘விளம்பரம்’ என்ற சொல்லைக் கண்ணில் படும் அளவில் திரையில் வைத்துவிட்டால் போதும்.

பெரும்பாலான பதிவுகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. இருபது ஹேஷ்டேகுகளுக்கு நடுவில் #ad என்று ஒளிந்திருக்கும். அல்லது, ‘மேலும்’ என்பதைத் தட்டினால்தான் தெரியும் கடைசி வரியில் அறிவிப்பு இருக்கும். வீடியோவில் ஒன்றும் சொல்லாமல், கீழே விவரக் குறிப்பில் மட்டும் எழுதியிருப்பார்கள். ரிசார்ட்டின் பெயரைப் போட்டு “நன்றி” என்று முடித்துக்கொள்வோரும் உண்டு. எதற்கு நன்றி என்பது பார்ப்பவருக்குப் புரியாது. இவை எதுவும் விதிப்படி தெளிவான அறிவிப்பு ஆகாது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை போகலாம். பொருளைப் பரிந்துரைத்தவர் வேறு எதையும் பரிந்துரைக்கக் கூடாது என்று ஓராண்டு வரையும், அடுத்த முறை மூன்றாண்டு வரையும் தடை போட முடியும். காசு கொடுத்த நிறுவனமும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. லார்ட் அண்ட் டெய்லர் வழக்கிலும் ஆணை வந்தது கடையின் மீதுதான், படம் போட்ட பெண்கள் மீது அல்ல.

ஆனால் இந்த அடையாளத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ‘விளம்பரம்’ என்று எழுதிவிட்டதாலேயே, பத்து நாளில் முடி வளரும் என்ற பொய் மெய்யாகிவிடாது. பணத்தொடர்பைச் சொல்வது ஒரு கடமை, சொல்லும் தகவல் உண்மைதானா என்று விசாரித்துக்கொள்வது இன்னொரு கடமை. சட்டம் இரண்டையும் கேட்கிறது.

ஒரு பதிவில் கடையின் கணக்கைக் குறிப்பிட்டிருக்கிறார்களா, தள்ளுபடிக் குறியீடு தருகிறார்களா, ஒரே பொருளை ஒரே வாரத்தில் பலரும் புகழ்கிறார்களா என்று கவனியுங்கள். இவை இருந்தும் எந்த அறிவிப்பும் இல்லையென்றால் வாங்குவதற்கு முன் சற்றுப் பொறுங்கள். “இது விளம்பரமா?” என்று பதிவின் கீழேயே கேளுங்கள். ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் பதிவைத் திரைப்படம் பிடித்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்துப் புகார் செய்யுங்கள்.