“பார்த்துக் கொடுங்கம்மா” என்று சொல்லவேண்டாத வேலை

“அண்ணே, எப்ப வருவீங்க?”
“இதோ கிளம்பிட்டேம்மா.”

மாலை வரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்போம். ஒருவழியாக வந்து வேலையை முடித்ததும் “எவ்வளவு?” என்று கேட்டால், “பார்த்துக் கொடுங்கம்மா” என்பார். கொடுப்பவருக்கு அதிகமோ என்று சந்தேகம், வாங்குபவருக்குக் குறைவோ என்று மனக்குறை. எலெக்ட்ரீஷியன், பிளம்பர்களுக்கென ஓர் இணையதளம் தொடங்குபவர் தீர்க்கவேண்டிய சிக்கல் இதுதான். எந்த ஏரியாவுக்கு வருவார், எப்போது வருவார், எவ்வளவு ஆகும் என்ற மூன்றையும் அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

மேற்குத் தாம்பரத்தில் நான்கு எலெக்ட்ரீஷியன்களும் இரண்டு பிளம்பர்களும் சேர்ந்து தளம் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டு, ‘இது எங்கள் ஏரியா’ என்று சொல்லத் தோன்றும். அந்த வட்டத்துக்குள் கிழக்குத் தாம்பரமும் வந்துவிடும். ஆனால் நடுவில் ரயில் பாதை இருக்கிறது. பாலம் ஏறி இறங்கித்தான் போகவேண்டும். அதனால் தூரத்தை விட்டுவிட்டுப் பயண நேரத்தைக் கணக்கிட வேண்டும். மாலை நெரிசலில் இருபது நிமிடத்தில் போய்ச்சேரக்கூடிய தெருக்கள்தான் ஏரியா. பின்கோடு வாரியாகப் பிரிப்பது நல்ல தொடக்கம்: மேற்குக்கு 600045, கிழக்குக்கு 600059. இரண்டுக்கும் தனித்தனி ஆட்களை ஒதுக்கலாம். ஆள் இல்லாத பின்கோடை வாடிக்கையாளர் தட்டினால், “இப்போது அங்கே வருவதில்லை” என்று தளம் உடனே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது நேரம். “பத்து மணிக்கு வருவார்” என்று சொன்னால் வாக்குத் தவறும். “9 முதல் 11க்குள் வருவார்” என்றால் காப்பாற்றலாம். ஒரு மின்விசிறி வேலைக்கு அரை மணி நேரம், பயணத்துக்கு இருபது நிமிடம், கடையில் பொருள் வாங்க இருபது நிமிடம் என்று வைத்தால் எழுபது நிமிடம் ஆகும். இரண்டு மணி நேரத்தில் மீதி ஐம்பது நிமிடம் இருக்கிறதே என்று இன்னொரு வேலையைத் திணித்தால், மதியத்துக்குள் அன்றைய வரிசை முழுவதும் பின்தங்கிவிடும். அந்த ஐம்பது நிமிடம்தான் அடுத்த வீட்டுக்குக் கொடுத்த வாக்கைக் காக்கிறது. சுவரை உடைத்துக் குழாய்க் கசிவைத் தேடும் வேலைக்கு இரண்டு நேரப்பகுதிகளை ஒதுக்க வேண்டும். ஆறு பேரில் ஒருவருடைய மாலை நேரத்தையாவது அவசர வேலைக்குக் காலியாக வைத்திருக்க வேண்டும்.

மிகவும் சிரமமானது விலை. “மின்விசிறி பழுது: 300 முதல் 1500 ரூபாய்” என்று போட்டால் யாருக்கும் பயனில்லை. பழுதுக்குள் பல பழுதுகள் இருப்பதால்தான் இந்த இடைவெளி. அதைக் குறைக்க, பதிவு செய்யும்போதே கேள்வி கேட்கலாம். “விசிறி உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லையா? காய்ந்த மரக்கம்பால் லேசாகத் தள்ளினால் சுற்றத் தொடங்குகிறதா?” ஆம் என்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான் போயிருக்கும். வருகைக் கட்டணம் 150, மாற்றும் கூலி 100, பொருள் 50 முதல் 100 என்று வைத்தால், 300 முதல் 350 என்று துணிந்து சொல்லலாம். சத்தமே இல்லையென்றால் சுவிட்ச், ரெகுலேட்டர், ஒயர், காயில் என எதுவாகவும் இருக்கலாம். அங்கே விலை சொல்வது தவறு. “பார்வையிட 150 ரூபாய். பார்த்த பிறகு விலை சொல்வோம், நீங்கள் சரி என்றால்தான் வேலை” என்பதே நேர்மையான பதில்.

சொன்ன மேல்வரம்பைத் தாண்டும் என்று தெரிந்தால், வேலையை நிறுத்திவிட்டு வாடிக்கையாளரின் சம்மதம் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வருகைக் கட்டணம் மட்டும்தான். முடிந்த ஒவ்வொரு வேலைக்கும் வாங்கிய தொகையைக் குறித்துவைக்க வேண்டும். இருபது கெப்பாசிட்டர் வேலைகளில் ஐந்தாறு 350-ஐத் தாண்டினால், ஆளைக் குறை சொல்வதற்கு முன் பட்டியலைத் திருத்த வேண்டும்.

ஓர் எல்லையும் உண்டு. கம்பத்திலிருந்து மீட்டர் வரை வரும் இணைப்பு மின்வாரியத்தின் பொறுப்பு. தெருவுக்கே மின்சாரம் இல்லையென்றாலோ மீட்டரில் பொறி பறந்தாலோ, தளம் பதிவை ஏற்கக்கூடாது. மின்னகத்தின் 94987 94987 எண்ணைக் காட்டி அங்கே அனுப்பிவிட வேண்டும்.

தளம் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊர் முழுவதையும் ஒரே நாளில் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பின்கோடு, பத்து வகை வேலைகள் என்று தொடங்குங்கள். அந்தப் பத்துக்கும் சொன்ன நேரத்தில் போய், சொன்ன விலைக்குள் முடிக்க முடிந்த பிறகு அடுத்த பின்கோடைச் சேருங்கள்.