இரண்டு எண்களில் சிக்கும் தேடல்

இருபது ஆண்டு நிரல் எழுதியவர் நாற்பது வயதுக்கு மேல் அல்காரிதம் பயிற்சிக்குத் திரும்பினால், பெரும்பாலும் முதலில் இடறுவது எளிய பைனரி தேடலில்தான். அன்றாட வேலையில் தேடலை லைப்ரரியே செய்துவிடுகிறது. கையால் எழுதிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

கருத்து மறந்திருக்காது. வரிசைப்படுத்திய பட்டியலின் நடுவைப் பார்த்து, தேவையில்லாத பாதியைத் தள்ள வேண்டும். பத்து லட்சம் பெயர்களுக்கு 20 பார்வை போதும். மறந்துபோவது எல்லைக் கணக்கு.

பட்டியலில் 10, 20 என இரண்டே எண்கள், தேடுவது 20. `low` 0, `high` 1. நடு இடம் (0+1)/2; முழு எண்ணாக 0. அங்கே இருப்பது 10, சிறியது. எனவே வலப்பக்கம் போக `low = mid` என்று எழுதுகிறார். `low` 0-விலேயே நிற்கிறது. நிரல் முடிவின்றிச் சுற்றுகிறது. `low = mid + 1` என்றால் தீர்ந்தது. நீளமான பட்டியலில் தேடிய எண் வழியிலேயே அகப்பட்டால் இந்தப் பிழை வெளியே தெரியாது. ஆகவே வெற்றுப் பட்டியல், ஓர் எண், இரண்டு எண்கள், இல்லாத எண் ஆகியவற்றை முதலில் சோதிக்க வேண்டும்.

அனுபவம் கைகொடுக்கும் இடமும் உண்டு. மிகப் பெரிய பட்டியலில் `low + high` எண்ணின் வரம்பை மீறும் என்பது பழைய கைக்குச் சட்டெனப் புலப்படும். `low + (high - low) / 2` என்பதே பாதுகாப்பு. ஜாவா லைப்ரரியிலேயே இருந்த இப்பிழையை 2006இல் ஜோஷுவா பிளாக் விளக்கி எழுதினார்.