வீடு பார்க்க ஆள் வருகிறார்கள்

வாடகைக்கு விட்டிருக்கும் ஃபிளாட்டை விற்கலாம் என்று முடிவு செய்யும் ஓனர் முதலில் கூப்பிடுவது புரோக்கரை. புரோக்கர் முதலில் கேட்பது சாவியை. உள்ளே குடியிருப்பவருக்கு விஷயம் கடைசியில்தான் தெரிகிறது, அதுவும் காலிங்பெல் அடிக்கும்போது. கதவைத் திறந்தால் வாசலில் முன்பின் தெரியாத நாலு பேர். "ஓனர் சொல்லியிருப்பாரே, வீடு பார்க்க வந்திருக்கோம்" என்பார்கள். அடுப்பில் குழம்பு கொதிக்கும், கட்டிலில் யாராவது தூங்குவார்கள், கொடியில் துணி காயும். அதற்குள் ஒருவர் படுக்கையறை வரை போய் அலமாரியைத் திறந்து ஆழம் பார்த்துக்கொண்டிருப்பார்.

வீடு என் பெயரில் இருக்கிறது, நான் போய்ப் பார்க்க யாரைக் கேட்க வேண்டும் என்று ஓனர்கள் நினைப்பது இயல்புதான். ஆனால் வாடகைக்கு விட்ட நாள் முதல் வீட்டின் அனுபோகம் குடியிருப்பவரிடம் போய்விடுகிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே இதைச் சொல்லிவிட்டது. வாடகையை ஒழுங்காகக் கட்டி ஒப்பந்தப்படி நடக்கும்வரை, வாடகைதாரர் இடையூறு இல்லாமல் அங்கே வசிக்கலாம். ஓனரோ அவருடைய ஆளோ நியாயமான நேரத்தில் வந்து வீட்டின் நிலையைப் பார்க்க, அவர் இடம் தர வேண்டும். இரண்டும் அந்தச் சட்டத்தின் 108-ஆவது பிரிவிலேயே இருக்கின்றன. நியாயமான நேரம் எது என்று மட்டும் அது சொல்லவில்லை.

அந்த இடைவெளியைத் தமிழ்நாட்டில் நிரப்பியது 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம். அதன் 17-ஆவது பிரிவின்படி ஓனரோ அவருடைய சொத்து மேலாளரோ உள்ளே வர வேண்டுமானால், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். எதற்காக வருகிறார், எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நேரம் காலை 7 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில் அமைய வேண்டும்.

இதுவரை பலருக்கும் அரைகுறையாகத் தெரியும். தெரியாதது அதற்கு அடுத்த பகுதி. எந்தக் காரணங்களுக்காக வரலாம் என்றும் அந்தப் பிரிவு மூன்று வகைகளைச் சொல்கிறது. ஒன்று, பழுது பார்க்கவோ எதையாவது மாற்றவோ வருவது. இரண்டு, வீடு குடியிருக்கத் தகுந்த நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பது. மூன்று, வாடகை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும் வேறு நியாயமான காரணம். வாங்க வருபவருக்கு வீட்டைக் காட்டுவது முதல் இரண்டிலும் சேராது. குளியலறைச் சுவரில் ஓதம் ஏறுகிறதா என்று ஓனர் பார்ப்பது பரிசோதனை. ஹாலில் எத்தனை அடி சோபா போடலாம் என்று வேறொருவர் பார்ப்பது பரிசோதனை அல்ல. ஆகவே ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்தால்தான் 24 மணி நேர நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஆளைக் கூட்டிவரலாம். அந்த வரி இல்லாவிட்டால் நோட்டீஸ் மட்டும் போதாது, குடியிருப்பவரின் சம்மதமும் வேண்டும் என்பதே அந்தப் பிரிவைப் படிக்கும்போது கிடைக்கும் நேரான பொருள்.

ஈழத் தமிழர்கள் நிறைய வாழும் டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் இதற்கென்றே சட்டத்தில் தனி உட்பிரிவு உண்டு. அங்கேயும் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்து மூலம் அறிவித்துவிட்டு வாங்குபவரைக் கூட்டிவரலாம். புரோக்கர் தனியாக வருவதானால் ஓனர் அவருக்கு எழுதிக் கொடுத்த அதிகாரம் இருக்க வேண்டும். நம் சட்டம் அந்த வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டது. நம் ஒப்பந்தங்களோ ஜெராக்ஸ் கடைக் கணினியில் பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றி அச்சடித்த பதினோரு மாதத் தாள்கள்.

நடைமுறையில் எப்படிப் போகும் என்று ஒரு கற்பனை உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். குரோம்பேட்டையில் முதல் மாடியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். ஓனர் திருச்சியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. குடியிருப்பது ஒரு இளம் தம்பதி, கைக்குழந்தை, அந்தப் பையனின் அம்மா. பையனுக்கு ஐ.டி. கம்பெனியில் இரவு ஷிப்ட். விடியற்காலை நாலு மணிக்கு வீடு திரும்பி, பத்து மணி வரை தூங்குவார். ஒப்பந்தத்தில் "உரிமையாளர் நியாயமான நேரத்தில் வீட்டைப் பார்வையிடலாம்" என்று ஒரே வரி. வாங்குபவர் பற்றிப் பேச்சே இல்லை.

ஆசிரியை செய்ய வேண்டிய முதல் வேலை, புரோக்கருக்கு முன்னால் பையனுக்குப் போன் செய்வது. "தம்பி, வீட்டை விக்கலாம்னு இருக்கேன். பார்க்க ஆள் வருவாங்க. உங்களுக்கு எந்த நேரம் தோது?" என்று கேட்டால், "அம்மா, காலையில பத்து மணி வரைக்கும் வேண்டாம், நான் தூங்குவேன். மத்தியானம் ரெண்டுலேருந்து நாலு குழந்தை தூங்கும். மத்த நேரம் பரவாயில்லை" என்று பதில் வரும். சட்டம் தரும் காலை 7 முதல் இரவு 8 வரையிலான நேரம் வெளி எல்லைதான். இந்த வீட்டுக்கு எது நியாயம் என்பது இந்தப் பேச்சில்தான் தெரியவரும்.

இதற்கு நடுவில் பஞ்சாங்கமும் வரும். வீடு வாங்குகிறவர்களில் நிறையப் பேர் ராகு காலத்தில் வாசல்படி ஏற மாட்டார்கள். சனிக்கிழமை ராகு காலம் காலை 9 முதல் 10.30 வரை, எமகண்டம் பகல் 1.30 முதல் 3 வரை. ஆக 10.30-க்கு மேல் 1.30-க்குள் பார்ப்பது இரண்டு தரப்புக்கும் பொருந்துகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலைதான் எல்லோருக்கும் வசதி என்று புரோக்கர் சொல்வார். அன்று 4.30 முதல் 6 வரை ராகு காலம் என்பதால் கடைசியில் கூட்டம் ஆறு மணிக்கு மேல்தான் வரும், குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டும் நேரமாகப் பார்த்து.

பேசி முடித்த பிறகு எழுத்து. சனிக்கிழமை பார்வைக்கு வியாழன் மாலையே ஆசிரியை அனுப்பும் செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம் தம்பி. போனில் பேசியபடி, வீடு வாங்க விரும்பும் இரண்டு குடும்பத்தார் வரும் 14-ஆம் தேதி சனிக்கிழமை காலை 11 மணிக்கும் 11.30 மணிக்கும் வீட்டைப் பார்க்க வருவார்கள். ஒரு குடும்பத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது. என் தம்பி கூடவே இருப்பார். அவர் இல்லாமல் யார் வந்தாலும் கதவு திறக்க வேண்டாம். உங்கள் பொருட்கள் தெரியும்படி யாரும் போட்டோ, வீடியோ எடுக்க மாட்டார்கள். இந்த நேரம் ஒத்துவராவிட்டால் நாளைக் காலைக்குள் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம். சம்மதம் என்றால் ஒரு வரி பதில் போடுங்கள்."

காரணம், நாள், நேரம் என்று சட்டம் கேட்கும் மூன்றும் இதில் இருக்கின்றன. மீதி எல்லாம் சண்டை வராமல் இருக்க. கடைசி வரிதான் ரொம்ப முக்கியம், ஏனென்றால் இந்த ஒப்பந்தத்தில் வாங்குபவருக்கான ஷரத்து இல்லை. பையன் "சரிம்மா" என்று எழுதினால்தான் வரலாம். அவர் பதிலே போடாவிட்டால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வாட்ஸ்அப் போதுமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. மத்திய அரசு 2021-இல் தந்த மாதிரி வாடகைச் சட்டம் மின்னணு வழியில் அறிவிப்பதையும் வெளிப்படையாகவே ஏற்கிறது. தமிழ்நாட்டுச் சட்டம் எழுத்து மூலம் என்கிறது. மின்னணுப் பதிவையும் எழுத்தாகக் கொள்ளலாம் என்பது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். சுமுகமாக இருக்கும்வரை வாட்ஸ்அப் தாராளமாகப் போதும். உறவு கெட்டுப்போயிருந்தால் அதோடு ஸ்பீட் போஸ்டிலும் ஒரு கடிதம் போட்டு ரசீதை எடுத்து வைப்பது நல்லது. 24 மணி நேரத்தை அனுப்பிய நேரத்திலிருந்து கணக்கிடாமல், அது அவர் கைக்குக் கிடைத்த நேரத்திலிருந்து கணக்கிடுவதே பாதுகாப்பு. வெள்ளி இரவு 10 மணிக்கு அனுப்பிவிட்டுச் சனி காலை 11 மணிக்கு வந்து நிற்பது எந்தக் கணக்கிலும் சேராது.

விற்பனை ஒரே பார்வையில் முடிவதில்லை என்பதையும் குடியிருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முதலில் பிடித்துப்போனவர் பெரியவர்களோடு மறுபடி வருவார். சில பேர் வாஸ்து பார்ப்பவரையும் அழைத்து வருவார்கள். விலை படிந்து வங்கிக் கடனுக்குப் போனால் வங்கியின் மதிப்பீட்டாளர் அளவெடுக்கவும் படமெடுக்கவும் வருவார். அவர் வருவது வார நாளில், வேலை நேரத்தில். ஒவ்வொன்றுக்கும் தனி அறிவிப்பு வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள், அதில் ஒன்றரை மணி நேரம் என்று பேசிவைத்து எல்லோரையும் அதற்குள் அடக்கிவிட்டால் குடியிருப்பவருக்கும் எரிச்சல் இல்லை. மூன்று மாதம் இப்படி இழுத்தடிக்கும் என்றால் வாடகையில் ஏதாவது குறைத்துக்கொள்ளும் ஓனர்களும் இருக்கிறார்கள். சட்டம் கேட்கவில்லை, ஆனால் அடுக்கி வைத்த வீடு நல்ல விலைக்குப் போகும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்.

தகராறு பெரும்பாலும் மாற்றுச் சாவியில்தான் தொடங்குகிறது. ஆள் இல்லாத நேரத்தில் புரோக்கர் திறந்து காட்டிவிட்டுப் போவார். நகர்ந்த நாற்காலியும் கழிப்பறையில் ஈரக் காலடியும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்போது குடியிருப்பவர் முதலில் செய்ய வேண்டியது, தேதியும் நேரமும் குறிப்பிட்டு ஓனருக்கு எழுதி அனுப்புவது. தொடர்ந்தால் வாடகை அதிகாரியிடம் போகலாம். அங்கே ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்ற கேள்வி உடனே எழும். அத்துமீறி நுழைதல் என்று போலீசுக்குப் போவதானால், மிரட்டவோ அவமதிக்கவோ தொந்தரவு செய்யவோ வேறு குற்றம் செய்யவோ உள்நோக்கம் இருந்தது என்பதையும் காட்ட வேண்டியிருக்கும். சும்மா வீட்டைக் காட்டிவிட்டுப் போனதில் அதைக் காட்டுவது சுலபமில்லை.

மறுபக்கமும் உண்டு. ஷரத்து இருந்து, நோட்டீஸும் முறையாக வந்த பிறகு ஒவ்வொரு வாரமும் "ஊரில் இல்லை" என்று தட்டிக்கழிக்கும் குடித்தனக்காரர் ஒப்பந்தத்தை மீறுகிறார். அதற்காக ஓனர் பூட்டை உடைக்கவோ தண்ணீர் மோட்டாரை நிறுத்தவோ முடியாது. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதை அதே சட்டம் தடை செய்கிறது. அவரும் வாடகை அதிகாரியிடம்தான் போக வேண்டும். குழாய் வெடித்துக் கீழ்வீட்டுக்குத் தண்ணீர் இறங்கும்போது மட்டும் யாரும் 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்ல மாட்டார்கள். போன் செய்து, பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு திறப்பதே வழக்கம்.

வீடு பார்க்க வருகிறவர்கள் குடியிருப்பவரிடம் நேரடியாகக் கேட்கும் ஒரு கேள்வி, "நீங்க எப்போ காலி பண்றீங்க?" அதற்கு அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. விற்றாலும் ஒப்பந்தக் காலம் முடியும்வரை வாடகை உரிமை தொடரும். வாங்கியவர் பழைய ஓனரின் இடத்துக்கு வருகிறார், அவ்வளவுதான். அட்வான்ஸ் தொகை யார் கைக்கு மாறியது என்று பழைய ஓனரிடமும் புதியவரிடமும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. கிரயம் முடிந்ததும் இனி வாடகையை யாருக்குத் தர வேண்டும் என்று இன்னொரு கடிதம் வர வேண்டும். கைமாறியதை அறிய வழியில்லாமல் பழைய ஓனருக்கே கட்டிய வாடகையை, புதியவர் வந்து இரண்டாம் முறை கேட்க முடியாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 109-ஆவது பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது.