பருவம் சொல்லும் பாட்டு: நினைவிலுள்ள சில அடிகளிலிருந்து ஒரு விழாப் பாடலைக் கண்டறிதல்

பாட்டியோ தாயோ பாடக் கேட்ட பாடலின் இரண்டொரு சொற்களை மட்டும் நினைவிற்கொண்டு, ‘இஃது எந்த விழாவுக்குரியது?’ என்று மாணவர் கேட்பதுண்டு. மழை, பயிர், பசுமை என்னும் சொற்கள் அதில் இருந்தால், பொங்கல் பாடலாக இருக்கும் என்று நாம் உடனே முடிவுசெய்துவிடுகிறோம். பிறகு பொங்கல் பாடல்களில் எங்குத் தேடினும் அது கிடைப்பதில்லை. பாடல் மறைந்துவிடவில்லை, தேடிய இடந்தான் தவறு. பெயர்ச்சொற்களைக் கொண்டு பருவத்தை முடிவுசெய்தமையே இதற்குக் காரணம். பாடலின் பருவத்தைத் தெளிவாகக் காட்டுபவை வினைச்சொற்கள். இதனை ஓர் எடுத்துக்காட்டின் வழி விளக்குவோம்.

இராமநாதபுரம் வட்டாரத்திலிருந்து மலாயாத் தோட்டமொன்றுக்கு வந்த குடும்பத்தைச் சேர்ந்த மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். பாட்டி பாடியதில் அவள் நினைவில் நிற்பவை நான்கு. மழை பெய்ய வேண்டும் என்னும் வேண்டுதல் ஒன்று. ஆட்டுத் தொழுவத்தைத் திறந்து எரு அள்ளிய செய்தி இரண்டாவது. ‘மொள’ என்றும் ‘கொட’ என்றும் ஒலித்த சொற்கள் மூன்றாவது. பெண்கள் வட்டமாக நின்று கைதட்டிப் பாடினர் என்பது நான்காவது.

முதலில் மழையை நோக்குவோம். சிங்கப்பூரிலும் தீபகற்ப மலேசியாவின் கிழக்குக் கரையிலும் மார்கழி மாதம் மழை மிகுந்தது. ஆதலால் இங்கு வளர்ந்த மாணவருக்கு மழையும் பொங்கலும் ஒன்றாகத் தோன்றுவது இயல்பு. தமிழகத்தில் நிலை வேறு. அங்கு வடகிழக்குப் பருவமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மிகுந்து, மார்கழியில் குறைந்து, தை பிறக்கும்போது சம்பா நெல் அறுப்புக்கு நிற்கும். அறுப்புக் காலத்து உழவன் மழையை விரும்பமாட்டான். கதிர் நனைந்தால் மணி உதிரும், களத்தில் நெல் முளைத்துவிடும். எனவே அறுவடையைப் பாடும் பாட்டில் மழை வருமாயின், அது பெரும்பாலும் ‘பெய்தது, விளைந்தது’ என இறந்தகால வினையோடு வரும். நம் மாணவி நினைவிலோ ‘பெய்ய வேண்டும்’ என்னும் வேண்டுதல் இருக்கிறது. இன்னும் வராத மழையையே வேண்டிப் பாட இயலும். ஆகவே இப்பாட்டு அறுவடைக்கு முற்பட்டது, விதைப்பை நோக்கியது.

அடுத்து ஒலிவடிவம். பேச்சுத் தமிழில், முதலசையில் வரும் இகர உகரங்கள், அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வரின், முறையே எகர ஒகரங்களாக மாறுவது பெருவழக்கு. இலை ‘எல’ ஆவதும் புகை ‘பொக’ ஆவதும் இவ்வாறே. இவ்விதிப்படி ‘மொள’ என்பது முளை. ‘கொட’ என்பதற்கோ இரண்டு மூலங்கள் இயலும். அது மழைக்குப் பிடிக்கும் குடையாகலாம். தென்மாவட்டங்களில் கோயில் திருவிழாவைக் குறிக்கும் கொடையும் ஆகலாம். பேச்சில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். மழை என்ற சொல்லைக் கேட்டவர் குடையென்று எழுதிக்கொள்வர். அதனோடு தேடல் திசைமாறிவிடும். இங்கும் வினையே தீர்வு தருகிறது. குடையாயின் பிடித்தல், விரித்தல் போன்ற வினைகள் தொடரும்; கொடையாயின் கொடுத்தல், நடத்தல், சாட்டுதல் போன்றவை தொடரும். அடுத்த சொல் நினைவில் இல்லையெனில் இரண்டு வடிவங்களையும் குறித்துக்கொண்டு, இரண்டாலும் தேட வேண்டும்.

இப்போது எருவுக்கு வருவோம். வயலுக்கு எரு இடும் செய்தி உழவுப் பாடலிலும் வரலாம். ஆனால் தொழுவத்தைத் திறந்து எரு அள்ளுதல், முளை, மழை வேண்டுதல், பெண்கள் வட்டமாக நின்று கைதட்டும் கும்மி ஆகிய நான்கும் ஒன்றுசேரும் இடம் முளைப்பாரி. மாரியம்மன் முதலிய அம்மன் விழாக்களில், மண்பாண்டங்களில் எருவும் வைக்கோலும் இட்டு, நனைத்த தானியங்களையும் பயறுகளையும் தூவி, வெயில் படாத அறையில் வைத்து நாள்தோறும் நீர் தெளிப்பர். ஒளி இன்மையால் முளைகள் பச்சையாகாமல் வெளிர்மஞ்சளாக நீண்டு வளரும். இரவுதோறும் பெண்கள் கும்மியடித்துப் பாடுவர். நிறைவு நாளில் முளைப்பாரியைத் தலையில் சுமந்து ஊர்வலமாகச் சென்று நீர்நிலையில் கரைப்பர். ‘மஞ்சள் பயிர்’ என்று ஒருவர் நினைவுகூர்ந்தால் அது விளைந்த நெற்கதிராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இருளில் வளர்ந்த முளையாகவும் இருக்கலாம். இவ்வழக்கம் பழமையானது. சிலப்பதிகாரத்து மங்கல வாழ்த்துப் பாடலில், திருமணத்தில் முளைப்பாலிகை ஏந்திய மகளிர் காட்சி தருகின்றனர்.

இனி நூல்களில் தேடலாம். பெர்சி மாக்வீன் திரட்டியவற்றைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’ (1958), நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ (1964) முதலான தொகுப்புகளும் அவற்றுக்குப் பின் வந்த வட்டாரத் தொகுப்புகளும் நூலகங்களில் உள்ளன. இத்தகைய நூல்களில் பாடல்கள் பெரும்பாலும் தாலாட்டு, தொழில், வழிபாடு, ஒப்பாரி எனச் சூழல்வாரியாக வகுக்கப்பட்டிருக்கும். ‘உழவு’ என்னும் பகுதியை விடுத்து, வழிபாடு, கும்மி, மழை வேண்டல் ஆகிய பகுதிகளைப் புரட்ட வேண்டும். முதற்குறிப்பு அகராதி இங்கு அதிகம் உதவாது. முதலடி பெரும்பாலும் பிள்ளையார் வணக்கமாகவோ ‘தானானே’ போன்ற இசைநிரப்பாகவோ இருக்கும். செயல்வரிசையைக் கொண்டு தேடுதலே பயன் தரும். முளைப்பாரிப் பாடல்கள் எரு கொணர்தல், விதை வாங்குதல், விதைத்தல், முளை வளர்தல் என்று செயல்களை முறைப்படி அடுக்கிச் சொல்லும். ஊர்ப்பெயரும் அம்மன் பெயரும் பாடுபவருக்கேற்ப மாறும்; இவ்வரிசை எளிதில் மாறுவதில்லை.

கிடைத்தது அந்தப் பாட்டுத்தானா என்று எவ்வாறு அறிவது? எரு என்ற ஒரு சொல் ஒத்திருப்பது போதாது. அடுத்தடுத்து வரும் இரண்டு செயல்களும், ஒவ்வொரு கண்ணியின் இறுதியில் மீளும் சொல்லும் ஒத்துவரின், அதன் ஒரு வடிவம் கிடைத்துவிட்டது எனலாம். ‘ஒரு வடிவம்’ என்பதை இங்குக் கருத்தில் கொள்ள வேண்டும். திரைப்பாடலுக்கு எழுதியவரும் இறுதியான பாடமும் உண்டு. ஆகவே சொல்லுக்குச் சொல் ஒத்துப் பார்க்கலாம். வாய்மொழிப் பாடலுக்கு அத்தகைய ஒற்றைப் பாடம் இல்லை. அச்சிலுள்ள வடிவத்தைக் கொண்டு பாட்டியின் வடிவத்தைத் திருத்துதல் ஆகாது. மேலும், பாட்டு விழாவின் வகையைக் காட்டுமேயன்றி மாதத்தை உறுதிப்படுத்தாது. சில ஊர்களில் முளைப்பாரி பங்குனியிலும் சித்திரையிலும் நிகழும். சில ஊர்களில் ஆடியிலும் ஆவணியிலும் நிகழும். மாதத்தை அறிய, குடும்பத்தின் பூர்விக ஊரை அறிய வேண்டும்.

ஆகவே வீட்டுப் பெரியவரிடம் ‘இஃது எந்தப் பண்டிகைப் பாட்டு?’ என்று தொடங்காதிருப்பது நன்று. நினைவு தெளிவாக இல்லாதவரும் ‘பொங்கல்’ என்று சொல்லிவிடக்கூடும். ‘இதைப் பாடும்போது நின்றீர்களா, உட்கார்ந்திருந்தீர்களா? கையில் என்ன இருந்தது? பகலா, இரவா? பாடி முடித்தபின் எங்குப் போனீர்கள்?’ என்று கேட்க வேண்டும். விடைகளை, ‘மொள’ என்றால் ‘மொள’ என்றே, ஒலித்தவாறே எழுதிக்கொள்ள வேண்டும். முளை என்று திருத்தி எழுதுவதைத் தனியே அடுத்த பத்தியில் வைத்துக்கொள்ளலாம்.