அவர் என்ன செய்தார் என்று எழுதுங்கள்

‘கடின உழைப்பாளி, எல்லோரிடமும் இனிமையாகப் பழகுபவர்.’ லிங்க்ட்இன் தளத்தில், உடன் வேலை பார்த்தவருக்கு எழுதும் பரிந்துரைக் குறிப்புகளில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. இது ஓட்டுநருக்கும் பொருந்தும், வங்கி மேலாளருக்கும் பொருந்தும். ஆள் எடுப்பவர் அறிய விரும்புவது வேறு: இந்த ஆள் இருந்ததால் அந்த அலுவலகத்தில் எது ஒழுங்காக நடந்தது?

நூல் வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தில் ஜிஎஸ்டி வேலை பார்த்த கணக்காளரை எடுத்துக்கொள்வோம். சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியை, நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் விற்றவர் அந்த பில்லைத் தன் GSTR-1 படிவத்தில் காட்டியிருக்க வேண்டும். மாதந்தோறும் தாக்கல் செய்பவருக்கு அடுத்த மாதம் 11-ஆம் தேதி கடைசி நாள். 14-ஆம் தேதி நமக்கு GSTR-2B பட்டியல் வரும். அதில் இல்லாத பில்லுக்கு அந்த மாதம் வரியைக் கழிக்க முடியாது. கைப்பணம் போட்டுக் கட்ட வேண்டும். பலர் பட்டியலைப் பார்த்த பிறகே சப்ளையரைத் தேடுவார்கள். கெட்டிக்காரர் 11-ஆம் தேதிக்கு முன்பே தேடுவார். எழுத வேண்டியது அந்த வித்தியாசத்தைத்தான்:

“நாங்கள் இருவரும் ஒரே கணக்குப் பிரிவில் இருந்தோம். நான் விற்பனைக் கணக்கு பார்த்தேன். இவர் கொள்முதலும் ஜிஎஸ்டியும் பார்த்தார். வழக்கமாகத் தாமதிக்கும் சப்ளையர்களின் பட்டியல் ஒன்று வைத்திருப்பார். 11-ஆம் தேதிக்கு முன்பே ஒவ்வொருவரையும் போனில் அழைத்து, பில் எண்ணைச் சொல்லி நினைவூட்டிவிடுவார். எரிந்து விழுபவரிடமும் குரல் உயர்த்த மாட்டார். 2B வரும்போது விடுபட்ட பில்கள் அபூர்வமாகத்தான் இருக்கும். வேலையை விட்டுப் போகும்போது அந்தப் பட்டியலைப் புதியவரிடம் கொடுத்து, யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.”

இதில் ‘பொறுப்பானவர்’ என்ற சொல்லே இல்லை. ஆனாலும் பொறுப்பு தெரிகிறது. எழுதுபவர் எங்கிருந்து பார்த்தார் என்பதை முதல் வரிகளே சொல்லிவிடுகின்றன. குறிப்பை அனுப்பும்போது இருவருக்கும் என்ன உறவு என்று தளமும் கேட்கும். பக்கத்து மேசைக்காரர் மேலதிகாரியின் தோரணையில் எழுதினால் அது உடனே இடிக்கும். தணிக்கை நேரத்தில் அவர் எப்படி இருந்தார் என்று நீங்கள் பார்க்கவில்லையென்றால் அதை எழுதாதீர்கள். சப்ளையர்களின் பெயரும் கொள்முதல் தொகையும் நிறுவனத்தின் சொத்து. அவற்றைத் தொடவே கூடாது.

3,000 எழுத்துகள் வரை தளம் இடம் தருகிறது. அத்தனையும் தேவைப்படாது. நீளமான குறிப்பில் தொடக்கம் மட்டுமே கண்ணில் படும், மீதி மடிந்திருக்கும். ஆகவே முக்கியமான செயலை மூன்றாவது வரிக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

எழுத உட்காரும் முன், அடுத்து எந்த வேலைக்குப் போகிறார் என்று அவரிடமே கேட்டுவிடுவது நல்லது. ஆட்களை நடத்தும் பொறுப்புக்குப் போகிறார் என்றால் புதியவருக்குக் கற்றுக்கொடுத்ததை மேலே ஏற்றலாம். அனுப்பிய குறிப்பு நேராக அவர் பக்கத்தில் ஏறிவிடாது. அவர் படித்து ஏற்க வேண்டும், திருத்தமும் கேட்கலாம். தேதியோ பொறுப்பின் பெயரோ தவறாக இருந்தால் அப்போதே சரிசெய்துவிடலாம்.